அசைன்மெண்டுக்குப் பின் ஐந்து நிமிடப் பேச்சு: என்ன கேட்பது, எப்படிக் கேட்பது?

*“ஐயா, அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு பி.ஏ. வரலாறு, தமிழ் வழி வகுப்பு எடுக்கிறேன். மொத்தம் 58 பேர். 1876–78 மதராஸ் பஞ்சம் பற்றி அசைன்மெண்ட் கொடுத்தேன். வந்த கட்டுரைகளில் பாதி, நானே எழுதினாலும் இப்படி வராது என்கிற தரத்தில் இருக்கின்றன. வகுப்பில் வாயே திறக்காத பையன்கூட ‘காலனிய அரசின் தடையில்லா வணிகக் கொள்கை’ என்று எழுதியிருக்கிறான். சந்தேகம் வந்து இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஒருத்தி அழுதுவிட்டாள். இன்னொருவன் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினான். எழுதியது புரிந்துதான் எழுதினார்களா என்று பேசிப் பார்ப்பது சரியான வழிதானா? அப்படியென்றால் என்ன கேட்பது? 58 பேருக்கு நேரத்துக்கு எங்கே போவது?”*

*– ஓர் உதவிப் பேராசிரியை*

வழி சரிதான். இரண்டு பேரை மட்டும் கூப்பிட்டதுதான் கோளாறு. வகுப்பில் 56 பேரை விட்டுவிட்டு இருவரை ஸ்டாஃப் ரூமுக்கு வரச்சொன்னால் நீங்கள் என்ன கேட்டாலும் அது விசாரணைதான். அந்தப் பெண் பஞ்சத்தைப் பற்றிய கேள்விக்கு அழவில்லை, “நீயா எழுதின?” என்று நீங்கள் கேட்காமல் கேட்ட கேள்விக்கு அழுதிருக்கிறாள். தலையாட்டிய பையனும் சீக்கிரம் வெளியே போனால் போதும் என்றுதான் ஆட்டியிருப்பான். அந்த இருவரைப் பற்றி அன்றைக்கு நீங்கள் எந்த முடிவுக்கு வந்திருந்தாலும் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

முதலில் இந்தப் பேச்சு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். எதிரே உட்கார்ந்திருக்கும் மாணவருக்கு, கையில் இருக்கும் கட்டுரையின் வாதம் இன்றைக்குப் புரிகிறதா என்பதை ஐந்து நிமிடத்தில் ஓரளவு நம்பிக்கையோடு சொல்லிவிடலாம். கட்டுரையை யார் எழுதினார்கள் என்பதை ஐந்து மணி நேரம் பேசினாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அக்கா எழுதிக் கொடுத்ததை ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்துப் புரிந்துகொண்டு வருகிறவர்கள் உண்டு. மூன்று புத்தகத்திலிருந்து தன் கையாலேயே பத்தி பத்தியாக எடுத்தெழுதிவிட்டு ஒரு வரியும் புரியாமல் வருகிறவர்களும் உண்டு. அதனால் “பேச்சில் மாட்டிக்கொண்டான், காப்பியடித்தது உறுதி” என்று ஒருபோதும் எழுதி வைக்காதீர்கள். யுஜிசி 2018-இல் கொண்டுவந்த கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறைகள்கூட முதுநிலை, ஆய்வுநிலை ஏடுகளுக்கும் பிரசுரங்களுக்கும் உரியவை. அசைன்மெண்ட், விடைத்தாள் போன்றவற்றை அந்த வரையறைக்கு வெளியேதான் வைத்திருக்கின்றன. உங்கள் கையில் இருப்பது மதிப்பெண் மட்டும். அந்த மதிப்பெண்ணைப் புரிதலுக்குக் கொடுக்கப் போகிறீர்கள், அவ்வளவுதான்.

ஆகவே அடுத்த அசைன்மெண்டைக் கொடுக்கும் நாளிலேயே சொல்லிவிடுங்கள்: கட்டுரைக்குப் பத்து மதிப்பெண் என்றால் ஆறு எழுத்துக்கு, நான்கு பேச்சுக்கு, எல்லோரும் வரவேண்டும், கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டே பேசலாம். துறைக் கூட்டத்தில் ஒரு வார்த்தை போட்டு, பாடத்திட்டத் தாளிலும் எழுதிவிடுங்கள். பிறகு யாரும் “எனக்கு மட்டும் ஏன்” என்று கேட்க முடியாது. முன்கூட்டியே சொன்னால் தயார் செய்துகொண்டு வந்துவிடுவார்களே என்று தோன்றலாம். வரட்டுமே. தன் பெயரில் கொடுத்த கட்டுரையை ஒரு பையன் வாய்விட்டு விளக்கும் அளவுக்குப் படித்துவிட்டு வருகிறான் என்றால் அசைன்மெண்ட் கொடுத்த வேலை பாதி முடிந்தது.

கட்டுரை கையில் இருக்கட்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாம் நினைவாற்றலைச் சோதிக்கவில்லை. நானே போன மாதம் எழுதிய கட்டுரையின் மூன்றாம் பத்தியில் என்ன இருந்தது என்று கேட்டால் விழிப்பேன். தாளைப் பிடுங்கி வைத்துக்கொண்டு கேட்டால், உண்மையாக எழுதிய பிள்ளைகளும் தடுமாறுவார்கள். அதே காரணத்துக்காகத்தான் தாளை வாங்கிய ஒரு வாரத்துக்குள் பேசி முடித்துவிட வேண்டும்.

இனி கேள்விகள். இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள்.

வழக்கமான வைவாவில் என்ன கேட்போம்? “டெம்பிள் மதராஸுக்கு எந்த ஆண்டு வந்தார்?”, “அப்போது வைஸ்ராய் யார்?” இதற்கெல்லாம் பதில் தாளிலேயே இருக்கிறது. சரியாகச் சொன்னாலும் ஒன்றும் தெரியவில்லை, தவறாகச் சொன்னாலும் ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு வகை, கடினமான சொல்லைச் சுட்டிக்காட்டி “இதுக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்பது. உங்களுக்கும் அந்த ‘தடையில்லா வணிகக் கொள்கை’யைப் பிடித்துக் கேட்கக் கை துறுதுறுத்திருக்கும். அதை முதல் கேள்வியாக வைக்காதீர்கள். பிள்ளைகள் புத்தகத்திலிருந்து புதுச் சொற்களை எடுப்பது குற்றமில்லை, அப்படித்தான் நாமும் கற்றோம். முதல் கேள்வியே சொல்லைப் பிடித்தால், நீங்கள் எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அவர்களுக்குத் தெரிந்துபோகும், வாய் பூட்டிக்கொள்ளும்.

கேட்க வேண்டியவை, கட்டுரை எழுதியவர் எடுத்திருக்க வேண்டிய முடிவுகளைப் பற்றியவை. எந்தக் கட்டுரையிலும் ஒன்றைச் சேர்த்து இன்னொன்றை விட்டிருப்பார்கள். ஒன்றுக்கு ஒரு பக்கமும் இன்னொன்றுக்கு ஒரு வரியும் கொடுத்திருப்பார்கள். ஒரு காரணத்தை முதலில் வைத்திருப்பார்கள். ஏன் அப்படி என்பதற்கான பதில் தாளில் எழுதப்பட்டிருக்காது. யோசித்தவரிடம் மட்டும்தான் இருக்கும், அல்லது அந்த இடத்திலேயே யோசிக்கத் தெரிந்தவரிடம் இருக்கும். நமக்கு இரண்டு பேருமே வேண்டியவர்கள்தான்.

கட்டுரை திருத்தும்போதே ஓரத்தில் இரண்டு இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, ஏதாவது ஒரு வாதம் சொல்லப்படும் வாக்கியம். இன்னொன்று, ஒரு தேர்வு தெரியும் இடம். ஒரு கட்டுரைக்கு இது கூடுதலாக ஒரு நிமிட வேலை. உதாரணத்துக்கு ஒரு மாணவர் பக்கிங்காம் கால்வாய்க்கு ஒரு முழுப் பத்தி கொடுத்திருக்கிறார்; 1877–78-இல் பஞ்ச நிவாரண வேலையாக அடையாறையும் கூவத்தையும் இணைத்து எட்டு கிலோமீட்டர் வெட்டிய கதை முழுக்க வருகிறது. ஆனால் பஞ்சம் முடிந்தபின் ஸ்ட்ராச்சி தலைமையில் அமைந்து 1880-இல் அறிக்கை தந்த பஞ்சக் கமிஷன் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. “கால்வாய்க்கு இவ்வளவு இடம், கமிஷனுக்கு ஒரு வரி. ஏன் அப்படிப் பிரிச்ச?” என்று கேளுங்கள். “எங்க மாமா வீடு அடையாறு மேடம், கால்வாயை நேர்ல பார்த்திருக்கேன், அதான்” என்று வந்தால்கூட அது நல்ல பதில். அவர் கட்டுரையோடு அவருக்கு ஒரு உறவு இருக்கிறது. அங்கிருந்து மேலே போகலாம்: “சரி, கால்வாய் பத்தியை எடுத்துட்டா உன் கட்டுரை சொல்ல வர்ற விஷயத்துக்கு ஏதாவது நஷ்டமா?”

வாதத்துக்கான கேள்வியும், ஒரு நிபந்தனையை மாற்றிப்போடும் கேள்வியும் அதன்பின் வரலாம். எனக்குப் பிடித்த ஒன்று இது: “1876-இல் மழை சுமாராகப் பெய்திருந்தால் உன் கட்டுரையில் எந்தப் பத்தி அப்படியே நிற்கும், எந்தப் பத்தி மாறும்?” மழை பொய்த்ததுதான் முழுக் காரணம் என்று எழுதியவர் கட்டுரையே இருக்காது என்பார், அது அவர் எழுதியதற்குப் பொருத்தமான பதில். ஏற்றுமதி, விலையேற்றம், கூலி என்று பேசியவர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்குவார். இரண்டிலும் நீங்கள் கவனிப்பது பதில் சரியா என்பதையல்ல, பதில் அவருடைய கட்டுரையோடு ஒட்டுகிறதா என்பதை.

ஒரு உரையாடலை எழுதிக் காட்டுகிறேன். கட்டுரை மிக நேர்த்தியானது. நீங்கள் குறித்த வாக்கியம்: “டெம்பிள் நிர்ணயித்த கூலி, நிவாரணத்தின் நோக்கத்தையே சிதைத்தது.” 1877 தொடக்கத்தில் இந்திய அரசின் பஞ்சப் பிரதிநிதியாக மதராஸுக்கு வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் என்று குறைத்தார். அதாவது சுமார் 450 கிராம் தானியம். மதராஸ் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். கட்டுரையில் இதெல்லாம் சரியாகவே இருக்கிறது.

“இந்த வரி நல்லா இருக்கு. உன் பேச்சு நடையில சொல்லேன்.”

“அவர் கூலியைக் குறைச்சிட்டாரு மேடம். அதனால நிவாரணத்தோட நோக்கம் சிதைஞ்சிடுச்சு.”

“நோக்கம்னு எதைச் சொல்ற?”

“மக்களுக்கு உதவி பண்றது.”

“ஒரு பவுண்டு தானியம் குடுத்தாங்களே, அது உதவி இல்லையா?”

“குறைவு மேடம்.”

“எதுக்குக் குறைவு?”

இங்கே மாணவர் தாளைப் பார்க்கிறார். “கார்னிஷ் எதிர்த்தார்” என்ற வரியைப் படிக்கிறார்.

“கார்னிஷ் என்ன சொல்லி எதிர்த்திருப்பாரு? நீ டாக்டரா இருந்தா என்ன சொல்லுவ?”

“...அவங்க பாவம்னு.”

கவனியுங்கள். தகவல் எதுவும் தவறில்லை. ஆனால் ‘எதுக்குக் குறைவு’ என்ற கேள்வியில் எல்லாம் நின்றுவிட்டது. சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கே போதாத உணவை, நாள் முழுக்க மண் வெட்டிச் சுமப்பவனுக்குக் கொடுத்தால், உயிரைக் காக்க வந்த வேலையே உயிரை எடுக்கும். அதுதான் அந்த வாக்கியத்தில் இருக்கும் ‘சிதைத்தது’. இந்த இணைப்பு மாணவரிடம் இல்லை. ‘நீ டாக்டரா இருந்தா’ என்று வாசலைத் திறந்துவிட்டும் உள்ளே வரவில்லை. இதைத்தான் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்: தகவல் இருக்கிறது, இணைப்பு இல்லை.

இப்போது இன்னொன்று. கட்டுரை மோசம். ஒற்றுப்பிழை, பாதியில் நிற்கும் வாக்கியம். நடுவில் ஒரு வரி: “ரயில் வந்ததால் பஞ்சம் அதிகம் ஆனது.” எழுத்துக்கு ஆறில் இரண்டு போடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள்.

“ரயில் இருந்தா தானியத்தை வேகமாக் கொண்டு வரலாமே. எப்படி அதிகமாகும்?”

நீண்ட மௌனம். பிறகு:

“மேடம், எங்க ஊர்ல தக்காளி போடுவாங்க. வெளியூர்ல வெலை ஏறுச்சுன்னா ராத்திரியே லாரி வந்துடும். அத்தனையும் ஏத்திட்டுப் போயிடுவாங்க. மறுநாள் எங்க ஊர்லயே வாங்க முடியாது. ரயிலும் அப்டித்தான், பசி எங்க இருக்குன்னு பார்த்துப் போகாது, காசு எங்க இருக்குன்னு பார்த்துதான் போகும்.”

“அப்போ ரயில் இல்லாம இருந்திருந்தா நல்லதா?”

“அது தெரியல மேடம்... வெளியில இருந்து கொண்டு வரவும் முடியாதே. ரயில்னு எழுதினது தப்போ? ரயிலை யாரு எதுக்கு ஓட்டினாங்கன்னு எழுதியிருக்கணும்.”

பஞ்சம் என்பது உணவு இல்லாமல் போவது மட்டுமல்ல, உணவை வாங்கும் தகுதி இல்லாமல் போவது என்று அமர்த்தியா சென் விரித்துச் சொன்ன கருத்தின் நுனியை இந்தப் பிள்ளை பிடித்துவிட்டார். தன் வாக்கியத்தைத் தானே திருத்தவும் செய்கிறார். பேச்சுக்கு நான்குக்கு நான்கு. எழுத்துக்கு இரண்டு போடலாம், அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் பேசாமல் விட்டிருந்தால் முதல் மாணவருக்கு ஒன்பதும் இவருக்கு மூன்றும் போயிருக்கும். பொய்க் கட்டுரையைப் பிடிக்கத்தான் எல்லோரும் இந்த முறையைத் தேடி வருகிறார்கள். என்னைக் கேட்டால், இப்படி எழுதத் தெரியாத அறிவாளிகளைக் கண்டுபிடிப்பதில்தான் இது அதிகம் பயன்படுகிறது.

அந்த உரையாடலில் ‘நீண்ட மௌனம்’ என்று எழுதினேன் அல்லவா, அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் ஒலிப்பதிவு வைத்து அளந்து பார்த்தார். சராசரியாக ஒரு நொடி. அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாயின, தானாக முன்வந்து சொல்லும் பிள்ளைகளும் கூடினார்கள். மூன்று நொடி சின்னதாகத் தெரியும். நேருக்கு நேர் உட்கார்ந்திருக்கும்போது அது மிகப் பெரிது. அந்த இடைவெளியைத் தாங்க முடியாமல் நாமே பதிலைச் சொல்லிவிடுகிறோம்: “அதாவது வேலை செய்யறவனுக்கு அது பத்தாது, இல்லையா?” “ஆமா மேடம்.” உங்கள் தலையாட்டும் பையன் இப்படித்தான் உருவானான் என்பது என் ஊகம். மாணவர் “ஆமா”, “இல்ல” என்று பதில் சொல்லும்படி ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால் அந்தக் கேள்வி வீண். அந்தப் பதிலுக்கு மதிப்பெண் போடாதீர்கள். கேள்வியை மாற்றிக் கேளுங்கள். பேச்சு முடிந்ததும் யார் அதிகம் பேசினார்கள் என்று மனதுக்குள் கணக்குப் பாருங்கள். நீங்கள் என்றால், அந்த மதிப்பெண்ணை நம்ப வேண்டாம்.

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. சில பிள்ளைகள் நன்றாகப் பேசுவார்கள். பட்டிமன்ற மேடை ஏறியவர்கள், கேள்வி எதுவானாலும் “அன்றைய ஆங்கிலேய அரசு நம் மக்களைச் சுரண்டியது” என்று தொடங்கி இரண்டு நிமிடம் ஓட்டிவிடுவார்கள். கேட்க நன்றாக இருக்கும். அந்தப் பேச்சில் ‘மதராஸ்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘வங்காளம்’ என்று போட்டால் ஏதாவது பொருந்தாமல் போகிறதா என்று பாருங்கள். ஒன்றும் போகவில்லை என்றால் அவர் இந்தக் கட்டுரையைப் பற்றிப் பேசவில்லை. அப்போது திரும்ப அழைத்து வாருங்கள்: “சரிப்பா, இதே டெம்பிள்தான் 1874-இல் பீகார்ல பஞ்சம் வந்தப்போ பர்மாவுல இருந்து அரிசி வரவழைச்சு தாராளமாச் செலவு பண்ணினாரு. மூணு வருஷத்துல இங்க வந்து ஒரு பவுண்டுங்கறாரு. ஏன் மாறினாரு?” பீகாரில் அதிகம் செலவழித்தார் என்று அவர்மேல் வந்த கண்டனம் மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அந்த ‘ஏன்’ அவருக்கு வியப்பாகப் படுகிறதா, ஏதாவது ஊகிக்கப் பார்க்கிறாரா என்பது போதும். இந்த மாதிரிக் கேள்வியை எல்லோரிடமும் கேட்க வேண்டாம். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் பேச்சிலோ, வழுக்கிக்கொண்டே போகும் பேச்சிலோ மட்டும் கேளுங்கள்.

முதல் கேள்வி மட்டும் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும்: “எழுதும்போது யார்கிட்ட கேட்ட, எதைப் பார்த்த?” சாதாரணக் குரலில், டீ குடிச்சியா என்பதுபோல் கேட்க வேண்டும். உதவி வாங்குவது இயல்புதான் என்று அது சொல்லிவிடும். அப்போதுதான் “அக்கா எம்.ஏ. மேடம், நான் சொன்னதை அவதான் நல்ல தமிழ்ல எழுதித் தந்தா” என்று வெளியே வரும். இப்படிச் சொல்லும் பெண், கட்டுரையைப் பற்றிக் கேட்கும்போது நன்றாக விளக்குகிறாள் என்றால் என்ன செய்வது? புரிதலுக்குரிய நான்கையும் கொடுங்கள். எழுத்து மதிப்பெண்ணில், நடைக்கு என்று நீங்கள் ஒதுக்கியதை மட்டும் குறைத்து, அதை அவளிடம் சொல்லியும் விடுங்கள். அடுத்த முறை அக்காவின் உதவியை முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். நேர்மையாகச் சொன்னதற்குத் தண்டனை கிடைத்தது என்ற செய்தி விடுதியில் பரவினால் அந்தக் கேள்விக்கு இனி யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

பேசவே முடியாதவர்களுக்கும் வழி வைத்திருங்கள். திக்குவாய் உள்ளவர், பயத்தில் உறைந்துபோகிறவர், உங்களிடம் அழுத அந்தப் பெண் போன்றவர். அதே கேள்வியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, பக்கத்து மேசையில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் ஐந்தாறு வரி எழுதச் சொன்னால் போதும். நமக்கு வேண்டியது அவர் யோசிப்பது, குரல் அல்ல. ஆங்கில வழி வகுப்பில் இதைச் செய்யும் உங்கள் சக ஆசிரியர்களிடமும் ஒன்று சொல்லுங்கள்: கட்டுரை ஆங்கிலத்தில் இருந்தாலும் பேச்சு தமிழில் நடக்கலாம். ஆங்கிலத்தில்தான் பதில் சொல்ல வேண்டும் என்றால் அவர்கள் சோதிப்பது பஞ்சத்தை அல்ல.

மதிப்பெண் போடுவதற்கு நீண்ட அட்டவணை வேண்டாம். தன் சொற்களில் விளக்கி, நிபந்தனையை மாற்றினாலும் கூடவே வருகிறவருக்கு நான்கு. ஒரு தள்ளு கொடுத்தபின் விளக்குகிறவருக்கு மூன்று. தகவல் தெரியும், ஏன் என்று தெரியாது என்றால் இரண்டு. மேலே பார்த்த முதல் மாணவர் இங்கே வருவார். தாளை வாசிக்க மட்டும் முடிகிறவருக்கு ஒன்று. மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை அவர் வாயிலிருந்து வந்தபடியே எழுதிக்கொள்ளுங்கள். ‘எதுக்குக் குறைவுன்னா, தெரியல – அவங்க பாவம்னு’ என்று இருந்தால் ஒரு மாதம் கழித்து அவர் வந்து கேட்டாலும் உங்களால் காட்ட முடியும். ‘திருப்தி இல்லை’ என்று எழுதி வைத்திருந்தால் காட்ட ஒன்றும் இருக்காது. அடுத்தவர் உள்ளே வருமுன் எழுதிவிட வேண்டும். பத்துப் பேர் ஆனபின் எல்லாக் குரலும் கலந்துவிடும்.

நேரக் கணக்குக்கு வருவோம். ஐந்து நிமிடப் பேச்சு, ஒரு நிமிடக் குறிப்பு. 50 நிமிட வகுப்பில் எட்டுப் பேர் ஆகும். 58 பேருக்கு எட்டு வகுப்பு. ஒரே வாரத்தில் இது முடியாது என்றால் வகுப்பை இரண்டாகப் பிரித்து, அசைன்மெண்ட் வாங்கும் தேதியையும் இரண்டாக்கிவிடுங்கள். அப்போதுதான் யாருக்கும் ஒரு வாரம் தாண்டாது. மற்ற பிள்ளைகள் அந்த நேரத்தில் அதே வகுப்பறையில் மூலச் சான்று வாசிப்பு மாதிரி ஏதாவது எழுத்து வேலை செய்யட்டும். நீங்கள் பின் பெஞ்சிலோ திறந்த கதவுக்கு வெளியே வராந்தாவிலோ மேசை போட்டுக்கொள்ளலாம். தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வேண்டாம். எல்லா அசைன்மெண்டுக்கும் இதைச் செய்ய நினைக்காதீர்கள், செமஸ்டருக்கு ஒன்று போதும். கேள்வி வெளியே கசிந்துவிடுமே என்று கவலைப்பட வேண்டாம். கேள்விகள் அவரவர் தாளிலிருந்து வருகின்றன. முதலில் போனவர் வெளியே வந்து “கால்வாயை ஏன் பெருசா எழுதினன்னு கேட்டாங்கடா” என்று சொன்னால், கால்வாயே எழுதாதவருக்கு அதனால் என்ன லாபம்?

சிலரை மட்டும் தேர்ந்தெடுத்துப் பேசினால் நேரம் மிச்சமாகுமே என்று துறைத் தலைவர் சொல்லக்கூடும். சந்தேகப் பட்டியல் வைத்து வேண்டாம். வேறு வழியே இல்லை என்றால் எல்லோர் முன்னிலையிலும் சீட்டுக் குலுக்கி இருபது பேரை எடுங்கள். ஆனால் அப்போது பேச்சுக்கு மதிப்பெண் வைக்க முடியாது, சிலருக்கு மட்டும் தேர்வு வைத்ததாகிவிடும். அதனால்தான் எட்டு வகுப்பைச் செலவழிக்கச் சொல்கிறேன்.

கடைசியாக, ஒன்றும் இரண்டும் வாங்கியவர்கள். அந்த இடத்திலேயே மதிப்பெண்ணைச் சொல்லாதீர்கள், நிற்கவைத்து அறிவுரையும் வேண்டாம். எந்த இடத்தில் நின்றார்களோ அந்த ஒரு கேள்வியை எழுதிக் கொடுங்கள். முதல் மாணவருக்கு: “மண் வெட்டுபவனுக்கு 450 கிராம் தானியம் ஏன் போதாது என்று கார்னிஷ் வாதாடியிருப்பார்?” அடுத்த வாரம் வகுப்பிலேயே, கையால், அந்த ஒரு பத்தியை மட்டும் திருப்பி எழுதட்டும். எழுதியபின் இரண்டு நிமிடம் பேசுங்கள். தேறினால் மூன்று வரைக்கும் உயர்த்தலாம் என்று முன்பே வகுப்பில் அறிவித்துவிடுங்கள். பழைய கட்டுரை, உங்கள் குறிப்பு, புதுப் பத்தி மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பின் அடித்து இன்டர்னல் ஃபைலில் வையுங்கள். அந்த இரண்டு பேரிடமிருந்தே தொடங்க வேண்டாம். அடுத்த அசைன்மெண்டில் வருகைப் பதிவேட்டு வரிசையில் அவர்கள் முறை வரும்போது வரட்டும்.